பங்கு விற்ற லாபத்துக்கு வரி: குறுகிய காலம், நீண்ட காலம் பிரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதங்களில் பங்குக் கணக்கோடு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியாவில் வசிக்கும் தனிநபர், என்எஸ்இ அல்லது பிஎஸ்இயில் பட்டியலான பங்கை டெலிவரி எடுத்து வைத்திருந்து, 2025-26 நிதியாண்டில் விற்றிருக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் எல்லாப் பதில்களும். அன்றே வாங்கி அன்றே விற்பதும், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸும் வியாபார வருமானத்தில் சேரும். அவை இந்தப் பக்கத்தில் இல்லை.

"பங்கு வித்தா எவ்வளவு வரி? சுருக்கமா சொல்லுங்க."

12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்ட கால லாபம். அதில் வருடத்துக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. 12 மாதமோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்து விற்றால் குறுகிய கால லாபம். இதற்கு முதல் ரூபாயிலிருந்தே 20%. இரண்டிலும் வரித் தொகையின் மேல் 4% செஸ் உண்டு.

2,00,000 ரூபாய் நீண்ட கால லாபம் வந்தால் 75,000க்குத்தான் வரி: 9,375, செஸ்ஸோடு 9,750. அதே 2,00,000 குறுகிய காலமாக இருந்தால் 40,000, செஸ்ஸோடு 41,600. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் எந்தப் பங்கு எந்தப் பக்கம் என்று பிரிப்பது முக்கால்வாசி வேலையாகிறது.

பழைய கட்டுரைகளில் 15%, 10%, ஒரு லட்சம் என்று பார்த்திருப்பீர்கள். 2024 ஜூலை 22 வரை நடந்த விற்பனைக்கு 15%, 10% என்ற விகிதங்கள் இருந்தன. ஜூலை 23 முதல் மாறிவிட்டன.

"ஒரு வருஷம்னா எந்த நாள்ல இருந்து எந்த நாள் வரைக்கும்? பங்கு டீமேட்டுக்கு வந்த நாளா, ஆர்டர் போட்ட நாளா?"

சந்தையில் வாங்கி விற்ற பங்குக்கு, ஆர்டர் நிறைவேறி, புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் ஏறிய தேதிதான் கணக்கு, இரண்டு பக்கமும். பங்கு டீமேட்டில் ஏறுவதும் விற்ற பணம் வருவதும் அடுத்த வேலை நாளில் நடக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

'12 மாதத்துக்கு மேல்' என்பதில் அந்த 'மேல்' முக்கியம். 2024 ஜூலை 10 அன்று வாங்கிய பங்கை 2025 ஜூலை 10 அன்று விற்றால் சரியாக 12 மாதம்தான் ஆகிறது, ஆகவே குறுகிய காலம். ஜூலை 11 அன்று விற்றிருந்தால் நீண்ட காலம். இந்த ஒரு நாளுக்காக 20% கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டு நிறைவு நாளன்று அவசரப்படாமல் ஓரிரு நாள் தள்ளியே விற்கச் சொல்வேன்.

"ஒரே கம்பெனி பங்கை மூணு தடவையா வாங்கினேன். அதுல பாதிதான் வித்தேன். வித்தது எந்தப் பங்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டீமேட்டில் பங்குகளுக்குத் தனித்தனி எண் கிடையாது. அதனால் சட்டமே வரிசையை வைத்திருக்கிறது: முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியே போகும். இதை விட்டு, "நான் கடைசியாக வாங்கியதைத்தான் விற்றேன்" என்று நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2023 மார்ச் 14 அன்று 100 பங்கு 400 ரூபாய்க்கு வாங்குகிறார். 2024 நவம்பர் 18 அன்று இன்னொரு 100 பங்கு, 700 ரூபாய்க்கு. 2025 ஜூன் 16 அன்று 50 பங்கு, 750 ரூபாய்க்கு. மொத்தம் 250. இதில் 180 பங்கை 2025 அக்டோபர் 10 அன்று 900 ரூபாய்க்கு விற்கிறார்.

முதலில் வெளியேறுவது 2023ல் வாங்கிய 100. விற்ற தொகை 90,000, அடக்கம் 40,000. லாபம் 50,000. இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் நீண்ட காலம். மீதி 80 பங்கு 2024 நவம்பரில் வாங்கிய கட்டிலிருந்து போகிறது. விற்ற தொகை 72,000, அடக்கம் 56,000. லாபம் 16,000. வாங்கி இன்னும் 11 மாதம்கூட ஆகவில்லை, ஆகவே குறுகிய காலம். ஒரே நாளில், ஒரே ஆர்டரில், ஒரே விலைக்கு விற்ற பங்கு இப்படி இரண்டாகப் பிரிகிறது.

வேறு நீண்ட கால லாபம் இல்லையென்றால் 50,000க்கு வரி இல்லை. 16,000க்கு 20%, அதாவது 3,200, செஸ்ஸோடு 3,328. அந்த 80 பங்கை மட்டும் நவம்பர் 19 வரை நிறுத்தி வைத்து, அன்றும் அதே விலை இருந்திருந்தால் இந்த வரியும் வந்திருக்காது. விலை நிற்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் விற்கும் முன் இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் காத்திருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கவே முடியும். விற்ற பிறகு இவர் கையில் இருப்பது 2024 நவம்பர் கட்டில் 20, 2025 ஜூன் கட்டில் 50. அடுத்த விற்பனை அந்த 20ல் தொடங்கும். இதை எழுதி வையுங்கள்.

"ஆப்ல சராசரி விலை காட்டுதே, அதை வெச்சுக் கழிச்சா என்ன?"

தப்பாகிவிடும். மேலே சொன்ன 250 பங்குக்கு மொத்த அடக்கம் 1,47,500. சராசரி 590. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 180 பங்குக்கு லாபம் 55,800 என்று வரும். சரியான தொகை 66,000. இதைவிடப் பெரிய சிக்கல், சராசரிக்குத் தேதி கிடையாது. அந்த 55,800ல் எவ்வளவு நீண்ட காலம், எவ்வளவு குறுகிய காலம் என்று எந்த வழியிலும் பிரிக்க முடியாது.

புரோக்கர் தளத்தில் வரிக்கென்று தனியாக லாப நட்ட அறிக்கை கிடைக்கும். அது கட்டு வாரியாக, வாங்கிய தேதியோடு இருக்கும். ரிட்டர்னுக்கு அதை எடுங்கள், முகப்பில் தெரியும் சராசரியை எடுக்காதீர்கள்.

"எனக்கு ரெண்டு டீமேட் இருக்கு. ரெண்டையும் சேர்த்து வரிசை பார்க்கணுமா?"

வேண்டாம். ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் அந்த வரிசை தனித்தனி. பழைய பங்கு ஒரு கணக்கிலும் புதிதாக வாங்கியது இன்னொரு கணக்கிலும் இருந்தால், எந்தக் கணக்கிலிருந்து விற்கிறீர்களோ அந்தக் கணக்கின் வரிசைதான். அதனால்தான் பத்து வருடம் தொடாமல் வைக்க நினைக்கும் பங்கையும் அடிக்கடி வாங்கி விற்பதையும் ஒரே டீமேட்டில் கலக்காதீர்கள் என்கிறேன்.

உங்கள் கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்குப் பங்கை மாற்றுவது விற்பனை ஆகாது, அதற்கு வரியும் இல்லை. ஆனால் புதிய புரோக்கருக்கு நீங்கள் வாங்கிய தேதியும் விலையும் தெரியாது. மாற்றிய நாளையே வாங்கிய நாளாகக் காட்டலாம், அடக்கத்தைப் பூஜ்யம் என்றும் காட்டலாம். பழைய கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்து நீங்கள்தான் திருத்த வேண்டும்.

"புரோக்கரேஜ், எஸ்டிடி எல்லாத்தையும் லாபத்துல கழிச்சுக்கலாமா?"

புரோக்கரேஜ், அதன் ஜிஎஸ்டி, பங்குச் சந்தைக் கட்டணம் போன்ற, வாங்கி விற்றதோடு நேரடியாகச் சேர்ந்த செலவுகளைக் கழிக்கலாம். வாங்கும்போது ஆனது அடக்கத்தில் சேரும், விற்கும்போது ஆனது விற்ற தொகையில் கழியும். எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரியை மட்டும் கழிக்க முடியாது, சட்டம் வெளிப்படையாகவே மறுக்கிறது. டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% பிடிப்பதால் தொகை சிறிதாக இருக்காது. 180 பங்கு விற்ற அந்த 1,62,000க்கு விற்பனைப் பக்கம் மட்டும் 162 ரூபாய். டீமேட்டுக்கு வருடா வருடம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தையும் கழிக்காதீர்கள். அது குறிப்பிட்ட எந்த விற்பனைக்கும் ஆன செலவு இல்லை.

"அந்த 1.25 லட்சம் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியா?"

இல்லை. ஒருவருக்கு ஒரு நிதியாண்டுக்கு மொத்தமாக ஒரே 1.25 லட்சம். ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் வந்த நீண்ட கால லாபமும் இதே வரம்புக்குள்தான். பயன்படுத்தாமல் விட்டதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

"போனஸ் பங்கு சும்மா வந்ததுதானே, அதுக்கும் வரியா?"

சும்மா வந்ததால்தான் வரி கூடுகிறது. போனஸ் பங்கின் அடக்கம் பூஜ்யம். விற்ற தொகை முழுவதும் லாபம். அதன் வயது அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கும், மூலப் பங்கை எப்போது வாங்கினீர்கள் என்பது அதற்குப் பொருந்தாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனித்துப் படியுங்கள். 2024 ஜனவரியில் 100 பங்கு 600 ரூபாய்க்கு வாங்கியவருக்கு 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வருகிறது. எண்ணிக்கை இரட்டித்ததும் சந்தை விலை பாதிக்கு அருகே இறங்குகிறது. 2025 டிசம்பரில் 200 பங்கையும் 400 ரூபாய்க்கு விற்கிறார். போட்டது 60,000, கைக்கு வந்தது 80,000. அவர் மனதில் லாபம் 20,000.

வரிக் கணக்கு அப்படிப் போகாது. மூலப் பங்கு 100க்கு அடக்கம் 60,000 அப்படியே நிற்கிறது, விற்றது 40,000. ஆக 20,000 நீண்ட கால நட்டம். போனஸ் பங்கு 100க்கு அடக்கம் இல்லை, விற்றது 40,000. அது முழுக்கக் குறுகிய கால லாபம். நீண்ட கால நட்டத்தைக் குறுகிய கால லாபத்தில் கழிக்க முடியாது என்பதால் 40,000க்கும் 20%: 8,000, செஸ்ஸோடு 8,320. சம்பாதித்த 20,000ல் நாற்பது சதவீதத்துக்கு மேல் வரியாகப் போகிறது. போனஸ் பங்கை மட்டும் 2026 ஆகஸ்ட் தாண்டும்வரை வைத்திருந்தால் அதுவும் நீண்ட காலமாகும், முன்னால் வந்த 20,000 நட்டத்தையும் அதில் கழித்துக்கொள்ளலாம்.

முகமதிப்பு பிரிப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 10 ரூபாய்ப் பங்கு ஐந்து 2 ரூபாய்ப் பங்காகப் பிரிந்தால் அடக்கமும் ஐந்தாகப் பிரியும், தேதி பழைய தேதியே. இன்னொன்று: போனஸ் யாருக்கு என்று தீர்மானிக்கும் ரெக்கார்டு தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, அந்தத் தேதிக்குப் பின் ஒன்பது மாதத்துக்குள், போனஸைக் கையில் வைத்துக்கொண்டு மூலப் பங்கை மட்டும் நட்டத்தில் விற்றால், அந்த நட்டத்தை லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள். மீந்திருக்கும் போனஸ் பங்கின் அடக்கமாக அது சேர்ந்துகொள்ளும்.

"ஒரு பங்குல லாபம், இன்னொண்ணுல நட்டம். எதை எதுல கழிக்கிறது?"

குறுகிய கால நட்டம் இரண்டு பக்கமும் போகும். குறுகிய கால லாபத்திலும் கழியும், நீண்ட கால லாபத்திலும் கழியும். நீண்ட கால நட்டம் நீண்ட கால லாபத்தில் மட்டும்தான் கழியும். எந்த நட்டமும் சம்பளத்திலோ வட்டியிலோ கழியாது. மிஞ்சியதை அடுத்த எட்டு மதிப்பீட்டு ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் நட்டம் வந்த ஆண்டின் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். வரி கட்ட வேண்டியதில்லை என்று ரிட்டர்னைத் தள்ளிப்போட்டால் நட்டத்தைச் சுமந்து செல்லும் உரிமை போய்விடும்.

பலருக்கு வருத்தம் தரும் விஷயம் இன்னொன்று. நட்டத்தைக் கழிப்பது முதலில், 1.25 லட்சம் விலக்கு அதற்குப் பிறகு. போன வருடத்து நீண்ட கால நட்டம் 30,000 இருக்கிறது, இந்த வருடம் நீண்ட கால லாபம் 1,00,000 என்று வைப்போம். நட்டம் இல்லாவிட்டாலும் இந்த லாபத்துக்கு வரி வராது. இருந்தாலும் 30,000 முதலில் கழிந்து 70,000 ஆகிவிடும், நட்டமும் தீர்ந்துவிடும். அதை அடுத்த வருடத்துக்கு ஒதுக்கி வைக்க வழியில்லை.

"அப்பா 2009-ல வாங்கின பங்கு அவர் காலத்துக்கு அப்புறம் என் பேருக்கு வந்தது. வந்து மூணு மாசத்துல வித்துட்டேன். குறுகிய காலம்தானே?"

இல்லை, நீண்ட காலம். வாரிசாகவோ அன்பளிப்பாகவோ வந்த பங்குக்கு முந்தைய உரிமையாளர் வாங்கிய விலையும், அவர் வைத்திருந்த காலமும் உங்களோடு சேர்ந்துகொள்ளும். பங்கு உங்கள் பெயருக்கு மாறிய அன்றைய சந்தை விலையை அடக்கமாகப் போடக் கூடாது.

2018 ஜனவரி 31க்குள் வாங்கிய பங்கு என்பதால் கூடுதல் சலுகை உண்டு. அந்த நாள்வரை ஏறிய லாபத்துக்கு வரி இல்லை. கணக்கு இப்படி: அன்றைய தினத்தின் உச்ச விலை, இப்போது விற்ற விலை, இரண்டில் குறைந்ததை எடுங்கள். அதையும் உண்மையான அடக்கத்தையும் ஒப்பிட்டு, இரண்டில் கூடுதலானதை அடக்கமாக வையுங்கள். அப்பா வாங்கியது 100, 2018 ஜனவரி 31 உச்சம் 350 என்றால்: 600க்கு விற்றால் அடக்கம் 350, லாபம் 250. 300க்கு விற்றால் அடக்கமும் 300, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. 80க்கு விற்றால் அடக்கம் 100, நட்டம் 20. அந்தத் தேதிக்குப் பிறகு போனஸோ பிரிப்போ நடந்திருந்தால் 350ஐ அப்படியே இன்றைய பங்குக்குப் போட்டுவிடாதீர்கள், போனஸ் கேள்வியில் சொன்னபடி சரிசெய்ய வேண்டும்.

"பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னாங்க. சம்பளம் எட்டு லட்சம்தான், பங்குல 50,000 குறுகிய கால லாபம். அதுக்கு எதுக்கு வரி கேட்குது?"

புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாமல் ஆக்குவது ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி சாதாரண வருமானத்தின் வரிக்குத்தான். தனி விகிதத்தில் வரி போடப்படும் பங்கு லாபத்துக்கு அது பொருந்தாது. சம்பளத்தின் வரி பூஜ்யம் ஆனாலும் 50,000க்கு 10,000, செஸ்ஸோடு 10,400 கட்டத்தான் வேண்டும். பழைய முறையில் இருப்பவர்கள் எண்பது-சி போன்ற கழிவுகளை இந்த லாபத்தில் கழிக்கவும் முடியாது.

"அம்மாவுக்குப் பெரிசா வேற வருமானம் இல்லை. அவங்களும் 20% கட்டணுமா?"

இங்கே வேலை செய்வது வேறு விதி. அடிப்படை விலக்கு வரம்பு நிரம்பாமல் மீதியிருந்தால், அந்த மீதியைப் பங்கு லாபத்தில் கழிக்கலாம். புதிய முறையில் 2025-26க்கு வரம்பு 4,00,000. அம்மாவுக்கு வட்டி வருமானம் 1,50,000, குறுகிய கால லாபம் 3,00,000 என்றால், வரம்பில் 2,50,000 மீதி. லாபத்தில் அவ்வளவு கழிந்து 50,000க்கு மட்டும் 20%. இந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தன் பெயரில் உள்ள பங்கை விற்றால் இப்படிக் கழிக்க முடியாது.

"1.25 லட்சம் வீணாப் போகாம மார்ச்ல வித்துட்டு அன்னைக்கே திரும்ப வாங்கிக்கலாமா?"

விற்றுத் திரும்ப வாங்குவதை இப்போதுள்ள சட்டம் தடுக்கவில்லை. 'அன்றைக்கே' என்பதுதான் கூடாது. ஒரே கணக்கில் ஒரே பங்கை அன்றே விற்று அன்றே வாங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இன்ட்ராடே ஆகிவிடும். பங்கு டீமேட்டை விட்டு நகரவே நகராது, நீங்கள் நினைத்த நீண்ட கால லாபமும் பதிவாகாது. அடுத்த சந்தை நாளில் வாங்குங்கள். இடையில் விலை ஏறினால் அது உங்கள் கணக்கில்தான், எஸ்டிடியும் புரோக்கரேஜும் இன்னொரு முறை போகும். அதையும் மீறி மிஞ்சுமா என்று பாருங்கள். 1,10,000 லாபத்தை இப்படி எடுத்து வைத்தால் பிற்காலத்தில் அதிகபட்சம் 13,750 வரியும் அதன் செஸ்ஸும் மிச்சம்.

எத்தனை பங்கு விற்கலாம் என்பதற்கு மூன்றாவது கேள்வியின் கணக்கைத்தான் போட வேண்டும். 12 மாதம் தாண்டிய கட்டுகளில் இருக்கும் எண்ணிக்கையை மீறி ஒரு பங்கு விற்றாலும் அது குறுகிய காலம். திரும்ப வாங்கியவை புதிய கட்டு. அவற்றின் 12 மாதம் வாங்கிய நாளிலிருந்து மறுபடி தொடங்குகிறது, வரிசையிலும் கடைசியில் போய் நிற்கும்.